பதினொரு வருட வார்டும் ஒரு பக்கக் கடிதமும்

நர்சிங் படித்த முதல் தலைமுறைப் பெண்கள் பலர் எங்கள் பகுதிகளில் இப்போது முப்பதைத் தாண்டியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருட நைட் டூட்டிக்குப் பிறகு, நர்சிங் கல்லூரியில் கற்பிக்கும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டு வருகிறார்கள். கோவையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நர்சிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அப்படி வந்த ஒருவரின் விண்ணப்பத்தை நாங்கள் அவரோடு உட்கார்ந்து எழுதினோம். அவர் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இங்கே வேண்டாம்.

அவர் முதலில் கொண்டுவந்தது ஒரு பயோடேட்டா. பெயருக்கு அடுத்த வரியே தந்தை பெயர். பிறகு தந்தையின் தொழில், மதம், சாதி, திருமணம் ஆனதா என்ற விவரம், பிறகு முகவரி. அந்த முகவரியில் ஊர்ப் பெயரோடு 'காலனி' என்ற சொல். பொள்ளாச்சிப் பக்கம் அந்த ஒரு சொல் போதும், மீதியைப் படிக்கிறவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். பக்கத்தின் கடைசியில் 'பதினொரு வருடம் ஸ்டாஃப் நர்ஸ்' என்று ஒரு வரி. கூடவே இருந்த கடிதத்தில், ஏழைக் குடும்பத்திலிருந்து வருவதாகவும் கருணையோடு ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

யாரோ எப்போதோ தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் கடைகளில் கைமாறிக்கொண்டே இருக்கும் மாதிரி அது. தேர்வு செய்கிறவர் முதலில் பார்ப்பது பிறப்பை, கடைசியில் பார்ப்பது வேலையை.

சாதியை நீக்கலாம் என்றபோது எங்களோடு இருந்த மாணவர் ஒருவர், "மறைக்கச் சொல்றீங்களா தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அரசுப் பணி என்றால் சாதிச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதமும், அதற்குள் 2009 சட்டப்படி அருந்ததியருக்கான 3 சதவீதமும் அந்தச் சான்றிதழ் வழியாகத்தான் கிடைக்கின்றன. ஆனால் தனியார் சுயநிதிக் கல்லூரியின் ஆசிரியர் பணியிடத்தில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை. உரிமை எதையும் தராத இடத்தில் அந்த வரி யாருக்குப் பயன்படும்? தந்தை பெயர், மதம், சாதி, திருமண விவரம் நான்கையும் எடுத்தோம். முகவரிக்குப் பதிலாகக் கோவை என்ற ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும்.

அடுத்து, எந்தப் பணிக்கு எழுதுகிறோம் என்பது. அவர் முதலில் டிப்ளமோ படித்தவர். நான்கு வருடம் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தார். பிறகு ஐந்து வருடம் சர்ஜிக்கல் ஐ.சி.யூ., இரண்டு வருடம் சார்ஜ் சிஸ்டர். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, இந்தப் பட்டமும் ஒரு வருட அனுபவமும் இருந்தால் டியூட்டர் ஆகலாம். உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் கற்பித்த அனுபவமும் வேண்டும். வார்டில் இருந்த வருடங்கள் கற்பித்த வருடங்களாக அங்கே கணக்கில் வராது. பதினொரு வருடத்தை வைத்து மேல் பதவிக்கு எழுதினால் கடிதம் முதல் பார்வையிலேயே கழிக்கப்படும். ஆகவே டியூட்டர் என்று முதல் வரியிலேயே எழுதினோம். நடுவில் படித்த இரண்டு வருடத்துக்கும் தேதி போட்டோம், இல்லையென்றால் அது வேலையில்லாமல் இருந்த இடைவெளி போலத் தெரியும்.

சிக்கல் அடுத்ததில்தான் இருந்தது. வார்டில் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டோம். "அதெல்லாம் இல்லீங்க, டூட்டிதானுங்க பாத்தேன்" என்றார். ஸ்டூடண்ட்ஸ் போஸ்டிங் வருவார்களே, அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டோம். "நாந்தானுங்க." என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்றதும் இன்சுலின் கதையைச் சொன்னார்.

நம் வார்டுகளில் இருக்கும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 20 யூனிட் போட வேண்டிய நோயாளிக்கு, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை இறங்கி நோயாளி மயங்கிவிடுவார். புதிதாக வரும் ஒவ்வொரு பேட்சுக்கும் அவர் இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் 20 வரை வெறும் தண்ணீரை இழுக்கச் சொல்வார். வித்தியாசத்தை அவர்களே கண்ணால் பார்த்த பிறகுதான் குப்பியின் லேபிளைப் படிக்கக் கொடுப்பார்.

இது பாடத்திட்டம், செய்முறை, மதிப்பீடு மூன்றும் சேர்ந்த ஒரு வகுப்பு. செய்தவருக்கு அது வகுப்பென்று தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை நாங்கள் சமூகவியல் கண்ணோடுதான் பார்க்கிறோம். உடலைத் தொடுவது, மலத்தைத் துடைப்பது, புண்ணைக் கழுவுவது இதெல்லாம் கை வேலை, தாழ்ந்த வேலை. கரும்பலகை முன்னால் நிற்பது அறிவு வேலை. சாதி பிரித்து வைத்த இந்த அடுக்கு மருத்துவமனைக்குள்ளும் இருக்கிறது. படுக்கையிலேயே கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் காத்தவர், அதை எழுதவே கூச்சப்படுகிறார்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. அதன் சாரம் இது:

"தங்கள் கல்லூரியின் டியூட்டர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்த, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸ். பதினொரு வருடத்தில் நான்கு மெடிக்கல் வார்டு, ஐந்து சர்ஜிக்கல் ஐ.சி.யூ., இரண்டு சார்ஜ் சிஸ்டர். கடந்த ஏழு வருடமாக, போஸ்டிங் வரும் மாணவிகளுக்கு இன்சுலின் அளவு, படுக்கைப் புண் தடுப்பு, ஐ.சி.யூ. சார்ட் எழுதுதல் ஆகியவற்றைப் படுக்கையருகில் செய்து காட்டி, திரும்பச் செய்யவைத்துப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு முதல் வாரப் பயிற்சியும் என் பொறுப்பு. மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் பாடத்தின் செய்முறை வகுப்புகளை உடனே எடுக்க முடியும். வகுப்பறையில் முழு நேரம் பாடம் எடுத்ததில்லை. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டத் தயார்."

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அது எப்படியும் நேர்காணலில் வரும் கேள்வி. கருணை கேட்கும் வரி மட்டும் போயே போய்விட்டது.

சி.வி.யின் மேல் மூன்று வரிச் சுருக்கம்: பதிவு எண், படிப்பு, எந்த வார்டில் எத்தனை வருடம், என்ன கற்பித்தார். பிறகு வேலை விவரம், கடைசி வேலை முதலில்.

எழுதினால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். அவருடைய மருத்துவமனை கொடுத்த அனுபவச் சான்றிதழில் தேதிகளும் 'நடத்தை நன்று' என்ற வரியும் மட்டுமே இருந்தன. நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம், மாணவிகளை மேற்பார்வை செய்தது பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். பிறகு, மாணவிகளைப் போஸ்டிங் கூட்டிவந்த கல்லூரியின் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் போனார். அவர் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் கணக்கில், மருத்துவமனையின் சான்றிதழைவிட இதற்குத்தான் எடை அதிகம். கூட நின்று பார்த்தவர் எழுதியது.

மூன்று கல்லூரிகளுக்கு அனுப்பினார். ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னோர் இடத்தில், அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள், இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆசிரியர் இல்லை, பட்டியலில் காட்ட ஒரு பெயர். அசலைக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மூன்றாவது இடத்தில் மாதிரி வகுப்புக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு சிரிஞ்சும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போகிறார்.