ஆறாயிரம் ரூபாவின் கணக்கு

“நாளொன்றுக்கு ஆறாயிரம் ரூபா உழைக்கிறேன்” என்று கொழும்பு நகரத்து ஓட்டோச் சாரதி ஒருவர் கூறுவாராயின், அவர் பொய் கூறினார் என்று எவரும் கொள்ள வேண்டியதில்லை. அன்று மாலை அவருடைய கைக்கு அவ்வளவு பணம் வந்திருக்கும். ஆயின், கைக்கு வந்த பணம் வேறு. உழைத்தவனுக்கு உரிய வருமானம் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்கும் தேவை சென்ற ஆண்டு எனக்கு ஏற்பட்டது.

உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் கற்கும் மாணவன் ஒருவனின் தந்தை, வெள்ளவத்தையில் வாடகை ஓட்டோ ஓட்டுபவர். மகனுக்கும் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். “படிச்சு வேலை கிடைக்க எத்தனை வரியம் செல்லுமோ, மாஸ்டர்? இது இண்டைக்கு ஓடினால் இண்டைக்கே ஆறாயிரம்” என்றார். அவருக்கு அறிவுரை கூற எனக்குத் தகுதியில்லை. “ஒரு கிழமைக்குக் கணக்கெழுதிப் பார்ப்போம், அண்ணை, பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் இணங்கினார்.

முறை எளியது. காலையில் வண்டியை எடுக்கும்போது தாங்கி நிறையப் பெற்றோல் அடித்துத் தூரமானியின் எண்ணைக் குறிக்க வேண்டும். பயணி ஏறும்போதும் இறங்கும்போதும் நேரத்தையும் தூரத்தையும் எழுத வேண்டும். இரவில் மறுபடியும் தாங்கியை நிரப்பினால், அப்பொழுது கொண்ட அளவே அன்று எரிந்த பெற்றோல். அப்பியாசக் கொப்பியில் மகன் கோடு கிழித்துக் கொடுத்தான்; தந்தை நிரப்பி வந்தார்.

அக்கிழமையின் நாட்கள் பெரும்பாலும் ஒன்றை ஒன்று ஒத்திருந்தன. ஆகவே, ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை 13 மணி நேரம் அவர் வீதியில் நின்றார். கைத்தொலைபேசிச் செயலி வழியாக வந்த ‘ஹயர்’ 9. அவற்றின் கூலி 4,000 ரூபா. தரிப்பிடத்திலும் வீதியிலும் ஏற்றியவை 4; கூலி 2,000 ரூபா. மொத்தம் 6,000.

வண்டி ஓடியது 110 கிலோமீற்றர். நெரிசலில் அவ்வண்டி லீற்றருக்கு 22 கிலோமீற்றரே ஓடியது. எனவே, எரிந்தது 5 லீற்றர். அக்கிழமை லீற்றர் 300 ரூபாவாகப் பெற்றோலுக்கு 1,500 போயிற்று. வண்டியின் நாள் வாடகை 1,400. செயலி நிறுவனத்தின் தரகு நூற்றுக்குப் பதினைந்து வீதம் 600. எண்ணெய் மாற்றுதல், பஞ்சர் ஒட்டுதல், தொலைபேசி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 100 ஒதுக்கினோம். பெரிய திருத்த வேலை வண்டிச் சொந்தக்காரரின் பொறுப்பு. இவையெல்லாம் போக மிஞ்சியது 2,400 ரூபா.

அவர் மனத்தில் வைத்திருந்த கணக்கோ 3,100. பெற்றோலையும் வாடகையையும் அவர் கழித்திருந்தார், தரகைக் கழிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பெற்றோலுக்குரிய காசைக் கையால் எண்ணிக் கொடுக்கிறார். தரகை அவ்வாறு கொடுப்பதில்லை. பயணி காசாகத் தரும் கூலி முழுவதும் அவர் பைக்கே வருகிறது. தரகு கடனாக ஏறி நின்று, அட்டை மூலம் செலுத்தப்படும் வேறொரு கூலியிலிருந்து பின்னர் கழிக்கப்படுகிறது. மேலும், அது கூலியின் மீதே கணிக்கப்படுகிறது; செலவு போக எஞ்சியதன் மீதன்று. பெற்றோல் விலை ஏறினாலும் தரகில் ஒரு சதமேனும் குறையாது.

இனி நேரத்தைப் பார்ப்போம். 110 கிலோமீற்றரில் பயணியோடு ஓடியது 64. வெறும் வண்டியாக ஓடியது 46. பதின்மூன்று மணி நேரத்தில் பயணி இருந்தது சுமார் 4 மணி நேரமே. ஏறத்தாழ 3 மணி நேரம் ஆளை ஏற்றப் போவதிலும், இறக்கிவிட்டு வெறுமனே திரும்புவதிலும், ஆள் தேடி அலைவதிலும் கழிந்தது. எஞ்சிய 6 மணி நேரமும் காத்திருப்பு, சாப்பாடும் அதற்குள்ளேதான். மரநிழலில் காத்திருப்பது நேரத்தை மட்டும் தின்னும். வெறும் வண்டியோடு சுற்றுவது நேரத்தோடு பெற்றோலையும் தின்னும். பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையே மட்டும் அவர் 18 கிலோமீற்றர் சுற்றியிருந்தார். அதன் விலை ஏறக்குறைய 250 ரூபா. அந்நேரத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு ஹயர்.

மற்றொரு செலவு நாட்கணக்கில் தெரிவதில்லை. கிழமைக் கணக்கிலேயே தெரிகிறது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை. ஆனால், அவருடைய ஏற்பாட்டின்படி வாடகை ஏழு நாளுக்கும் உண்டு. ஆறு நாளின் 14,400 இலிருந்து ஓய்வு நாளின் 1,400 போனால் 13,000. அவர் வீதியில் நின்றதோ 78 மணி நேரம். மணிக்கு 167 ரூபா. எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 1,333 ரூபா. ஆறாயிரம் என்று தொடங்கிய கணக்கு வந்து நிற்கும் இடம் இதுவே.

இக்கணக்கில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வாடகையே. நூறு ரூபாக் கூலியில் பெற்றோலுக்கு 25, தரகுக்கு 10 போக, 65 மிஞ்சுகிறது. 1,400 ரூபா வாடகையை அந்த 65 ரூபாக்களால் அடைக்க வேண்டுமாயின், சுமார் 2,150 ரூபாவுக்கு ஓட வேண்டும். அவருடைய சராசரி வேகத்தில் அதற்கு நாலே முக்கால் மணி நேரம் செல்லும். இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்ப பத்தே முக்கால் மட்டும் முதலாளிக்கு ஓட்டம், அதுக்குப் பிறகுதான் பிள்ளையளுக்கு” என்றார். வேலைநாளை இரு கூறாகப் பிரித்துக் காட்டும் பொருளியல் நூல்களை அவர் படித்தவரல்லர். பிரிக்கும் கோட்டை மட்டும் சரியாக இழுத்துவிட்டார்.

ஓட்டம் குறையும் நாளில் நிலைமை இன்னும் கடினம். கூலி காற்பங்கு குறைந்து 4,500 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். பெற்றோலும் அதே அளவிற் குறையும் என்று தாராளமாகக் கொண்டாலும், வாடகை குறையாது. மிஞ்சுவது 1,425. கூலியில் நூற்றுக்கு 25 வீழ்ந்தால் வருமானத்தில் நூற்றுக்கு 40 வீழ்கிறது. நட்டத்தின் ஆபத்து முழுவதும் ஓட்டுபவனுடையது. வண்டிச் சொந்தக்காரருக்கோ நல்ல நாளும் கெட்ட நாளும் ஒன்றே. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது, கியூஆர் குறியீட்டு முறையின் தொடக்கத்தில் முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றரே வழங்கப்பட்டது. அது ஒரு கிழமையின் பங்கு என்று சொல்லப்பட்டது. இந்தக் கொப்பியின்படி அது ஒரு நாளின் ஓட்டம்.

சொந்த வண்டி வாங்கினால் விடுதலை கிடைக்காதா என்று கேட்கலாம். கடனுக்கு வாங்குவோருக்கு வாடகையின் இடத்தில் மாதத் தவணை வந்து அமர்கிறது; டயரும் காப்புறுதியும் இயந்திரத் திருத்தமும் அதனோடு சேர்கின்றன. கடன் முடிந்த பின்னரே அந்த நாலே முக்கால் மணி நேரம் மீளத் தொடங்கும். அதற்குள் வண்டி தேய்ந்திருக்கும்.

நகல் மதிய நேரத்தில் அவர் இப்பொழுது தரிப்பிடத்திலேயே நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாடகையைப் பாதியாக்கும்படி சொந்தக்காரரிடம் கேட்டிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. இரண்டாவது வண்டி பற்றிய பேச்சு மகனின் பரீட்சை முடியும்வரை தள்ளி வைக்கப்பட்டுள்ளது; கைவிடப்படவில்லை. படித்தவனுக்கு என்ன வேலை என்ற அவருடைய கேள்விக்கு அந்தக் கொப்பியில் விடையில்லையே! ஆயினும், முடிவெடுக்கும் நாளில் தந்தையும் மகனும் ஆறாயிரத்தை முன்வைத்துப் பேசப்போவதில்லை. மணிக்கு 167 ரூபாவை முன்வைத்தே பேசுவார்கள்.