துணி நோட்டு

ஆண்டு மலரில் எல்லோரும் கவிதை எழுதும்போது இவன் என்ன துணி துவைக்கிற கதையோடு வருகிறான் என்று சிரிக்காதீர்கள், நண்பர்களே. எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங் பாடத்தில் தேய்மானம், கூலி, மேற்செலவு என்று மனப்பாடம் செய்து எழுதி விட்டு வந்தவன்தான் நானும். அதை வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டிய நிலைமை வந்ததால் எழுதுகிறேன்.

போன வருடம் அம்மாவுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி விட்டது. காலையில் மெஸ்ஸில் பாத்திரம், மாலையில் வீட்டுத் துணி, இரண்டும் சோப்புத் தண்ணீர்தான். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "ரெண்டு மாசம் சோப்பில கையே வைக்கக் கூடாது" என்று சொல்லி விட்டார். மெஸ்ஸில் பரிமாறுகிற வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுத் துணி?

முதல் வாரம் மொத்தத்தையும் மூட்டை கட்டித் தெருமுனை லாண்டரியில் போட்டோம். சட்டை 12, பேன்ட் 8, சேலை 6, தங்கச்சியின் யூனிபார்ம், சுடிதார் செட் 6, லுங்கி துண்டு 8, போர்வை 2. ஆக 42 உருப்படி. துவைத்து இஸ்திரி போட்டுத் தர சட்டைக்கும் பேன்ட்டுக்கும் 25 ரூபாய், சேலைக்கு 50, செட்டுக்கு 40, லுங்கி துண்டுக்கு 15, போர்வைக்கு 40. பில் 1240 ரூபாய். அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா, இது ஒரு மாசத்துக்கா?" என்றார். வாரத்துக்கு என்றதும் பேசவில்லை. மாதத்துக்கு 4960. எங்கள் லைன் வீட்டு வாடகையே அவ்வளவு கிடையாது.

அப்போதுதான் நோட்டு போட்டேன். தவணையில் 10,800 ரூபாய்க்கு 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்று பார்த்து வைத்திருந்தோம். ஆறு வருடம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் மாதம் 150. பெல்ட், வடிகால் குழாய், டைமர் என்று வருடத்துக்கு 1000 ரூபாய் ரிப்பேர் என்றால் மாதம் 85. பவுடர் ஒரு ஈடுக்கு 70 கிராம். ஈடு எத்தனை என்பதில்தான் முதலில் தப்புக் கணக்குப் போட்டேன். எங்கள் வாரத் துணி 17 கிலோ, 7 கிலோ மெஷின், ஆகவே மூன்று ஈடு என்று எழுதினேன். நிஜத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் திணித்தால் துணி சுழலாது, மேல் துணி மேலேயே கிடக்கும். அழுக்கு போகாது, மோட்டார் உறுமும். தொட்டிக்குள் துணி மேலிருந்து கீழே போய்த் திரும்பி வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆக வாரம் நான்கு ஈடு, மாதம் பதினாறு. பவுடர் சுமார் 135 ரூபாய்.

கரண்டுதான் ஆச்சரியம். துவைக்கிற மோட்டார் 380 வாட், இருபது நிமிடம். பிழிகிற மோட்டார் 160 வாட், பத்து நிமிடம். ஒரு ஈடுக்கு 0.15 யூனிட்தான் வருகிறது. மாதம் முழுக்க இரண்டரை யூனிட்கூட இல்லை. யூனிட் ஐந்து ரூபாய் என்றாலும் 12 ரூபாய். "மெஷின் வாங்கினா கரண்டு பில்லு எகிறும்" என்று பயமுறுத்திய பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைக் காட்டினேன், அவர் நம்பவில்லை. தண்ணீரைச் சுட வைக்கிற மெஷினாக இருந்தால் அக்கா சொல்வது சரி. பதினைந்து லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றவே அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும்.

எல்லாம் சேர்த்து மாதம் 382 ரூபாய். 168 உருப்படிக்கு வகுத்தால் ஒன்றுக்கு 2 ரூபாய் 27 காசு. லாண்டரியில் சராசரி 29 ரூபாய் 50 காசு. நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் லாண்டரி ரேட்டில் இஸ்திரியும் அடக்கம் அல்லவா? நம் துணி கசங்கியபடி கொடியில்தானே தொங்கும்! வண்டிக்கார அண்ணனிடம் சட்டை பேன்ட்டுக்கு 8, செட்டுக்கு 12 என்று போட்டால் மாதம் 928 ரூபாய். துவைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இஸ்திரிக்குப் போகிறது. மொத்தம் 1310.

நோட்டை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு விட்டு, "எல்லாஞ் செரி கண்ணு, கூலின்னு ஒண்ணும் எழுதலியே?" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. பாடப் புத்தகத்தில் மூலப்பொருளுக்கு அடுத்து வருவதே கூலிதான். பரீட்சையில் விட்டிருந்தால் மார்க் போயிருக்கும். இருபது வருடமாக அந்தப் பத்தி எங்கள் வீட்டில் காலியாகவே இருந்திருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் தானாக எதுவும் செய்யாது. தண்ணீர் ஊற்றணும், ஈரத் துணியைப் பிழிகிற பக்கம் மாற்றணும், இரண்டு தடவை அலசணும், காயப் போடணும். நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஓர் ஈடுக்கு அரை மணி நேரம் கை வேலை இருக்கிறது. மாதம் எட்டு மணி. மெஸ்ஸில் அம்மாவுக்கு மணிக்கு 60 ரூபாய் விழுகிறது, அப்படியானால் 480. ஆக மொத்தம் 1790. லாண்டரியில் பாதிகூட இல்லை. மெஷின் வந்தது. அந்த எட்டு மணியை அப்பாவும் நானும் பங்கு போட்டுக் கொண்டோம். அப்பாவுக்குப் பிழிகிற டப்பாவில் துணியைச் சமமாக அடுக்க இன்னும் வரவில்லை, வாரம் ஒரு தடவை மெஷின் சாமி ஆடும்!

பணக் கணக்கில் வராதது தண்ணீர். ஓர் ஈடுக்கு 150 லிட்டர், எங்களுக்கோ மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் குழாய். அதனால் வெள்ளையை முதலில் போட்டு அதே சோப்புத் தண்ணீரில் கலர், கடைசியில் காக்கி. கடைசியாக அலசிய தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால் அடுத்த ஈடுக்கு ஆகும். லாண்டரிக்கும் மெஷினுக்கும் நடுவில் முடிவு செய்வது பல வீடுகளில் ரூபாய் இல்லை, குழாய்தான்.

நம் ஒர்க்‌ஷாப் காக்கிக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பாக்கெட்டை உதறாமல் போடாதீர்கள். லேத் துருவல் அடியில் சுழல்கிற தட்டுக்குள் போய்த் துணியைக் கிழிக்கும், துருக்கறையும் வைக்கும். கிரீஸ் கறைக்குப் பயந்து நான் ஒரு தடவை 120 ரூபாய் கொடுத்து டிரை கிளீனிங் போட்டேன். கிரீஸ் சுத்தமாகப் போயிருந்தது, ஆனால் அக்குள் வேர்வை வாடை அப்படியே இருந்தது. சண்டைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சிரித்தார். "தம்பி, அது தண்ணி இல்ல, கரைப்பான். எண்ணெய் கரையும். வேர்வை உப்பு, சக்கரையெல்லாம் தண்ணிலதான் கரையும்." டிரை என்றால் ஈரமே இல்லை என்று நினைத்திருந்தேன், தண்ணீர் இல்லை என்றுதான் அர்த்தமாம். இப்போது கிரீஸ் மேல் பாத்திர சோப்பைத் துணி காய்ந்திருக்கும்போதே தேய்த்துக் கால் மணி விட்டு மெஷினில் போடுகிறேன். முக்கால்வாசி போய்விடுகிறது.

அம்மாவின் கல்யாணப் பட்டு மட்டும் நோட்டில் சேரவில்லை. அரக்கு உடல், பச்சைக் கரை. சித்தப்பா வீட்டு விசேஷத்தில் பாயசம் கொட்டி விட்டது. உள்முந்தி ஓரத்தை நனைத்து வெள்ளைத் துண்டை அழுத்தினேன். துண்டு சிவந்தது. தண்ணீரில் போட்டால் அரக்கு பச்சையில் ஏறியிருக்கும், பட்டும் சுருங்கியிருக்கும். 280 ரூபாய் என்று கேட்டபோது அப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை. கறையைச் சுற்றி வெள்ளை நூலால் தையல் ஓட்டி, "எண்ணெய் இல்லண்ணா, பாயசம்" என்று சொல்லிக் கொடுத்தேன். நல்ல வேளை சொன்னே என்றார் அவர். சொல்லாவிட்டால் கரைப்பானில் முக்கி எடுத்து இஸ்திரிப் பெட்டியை வைத்திருப்பார்களாம், கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை சூட்டில் பழுப்பாகி நிரந்தரமாக நின்றிருக்கும். முதலில் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து விட்டுத்தான் அனுப்புவார்களாம்.

பத்து நாள் கழித்து வந்தது. அம்மா வாசல் வெளிச்சத்தில் பிடித்து, என் வெள்ளைத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். கை ஆறியிருந்தது.