இடைவேளையில் ஐந்து நிமிடம்

முழங்கால் வலி பரவாயில்லை, இப்போது மாடிப்படி ஏறுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை பேத்தியின் கபடி ஃபைனல் பார்க்கப் போயிருந்தேன். எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். இடைவேளையில் பேத்தியின் அணி ஆறு பாயிண்டு பின்தங்கி இருந்தது. கோச் பிள்ளைகளை நிற்க வைத்து ஐந்து நிமிடமும் கத்தித் தீர்த்தார். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. "மானம் இருக்கா", "எதுக்கு வந்தீங்க" இதெல்லாம்தான். பிள்ளைகள் தலையைக் குனிந்து காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றன. எனக்கு அந்த ஆளைத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் அதே பேச்சை அதற்கு முன்னால் பேசியவள் நான்.

பெண்கள் அணி வெளியூர் போனால் ஒரு ஆசிரியை துணைக்குப் போகவேண்டும். எங்கள் பள்ளியில் அந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ஒரு வருஷம் குறுவட்டப் போட்டியில் பெண்கள் ஃபைனலும் பையன்கள் ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. பி.டி. சார் அந்தப் பக்கம் போய்விட்டார். இடைவேளையில் நான் பேச வேண்டியதாயிற்று. மேடைப் பேச்சு எனக்குக் கைவந்த கலை என்று உங்களுக்கே தெரியும், சுதந்திர தினத்துக்கு உங்களை வெயிலில் நிற்க வைத்துப் பேசியவள்தானே! அன்றும் பேசினேன். பள்ளியின் பெயர், ஊரின் பெயர், பெற்றவர்கள் படும் பாடு, எல்லாவற்றையும் இழுத்தேன். நன்றாகப் பாடிப் போகிற ஒரு பெண் முதல் பாதியில் நான்கு முறை பிடிபட்டிருந்தாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன்னாலதான் இவ்வளவும்" என்றேன். இரண்டாம் பாதியில் அவள் முதல் முறையே நேராக நடுவில் பாய்ந்து மாட்டினாள். மற்றவர்களும் வேகமாகத்தான் ஆடினார்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆடியது போல இருந்தது. மூன்று பாயிண்டில் இருந்த இடைவெளி பதினொன்று ஆனது.

மறு வருஷம் இன்னும் நல்ல அணி அமைந்தது. 14 வயதுக்குட்பட்ட பெண்கள், வருவாய் மாவட்ட ஃபைனல் வரை வந்துவிட்டார்கள். ஜெயித்தால் மாநிலப் போட்டி. பதினைந்து நிமிடம் ஒரு பாதி. முதல் பாதி முடிந்தபோது 9-17. எட்டுப் பாயிண்டு பின்னால். அதிலும் எங்கள் பிள்ளைகளில் மூன்று பேர் அவுட்டாகி வெளியே. எத்தனை பேரோடு முதல் பாதியை முடித்தோமோ அத்தனை பேரோடுதான் அடுத்த பாதியைத் தொடங்க வேண்டும். ஆக நான்கே பேர். எதிர் அணியில் ஏழு பேரும் உள்ளே.

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு பேச எழுந்தேன். பி.டி. சார் என்னைப் பார்த்து, "டீச்சர், அந்தக் குளுக்கோஸ் தண்ணிய எல்லாருக்கும் கொடுத்துடுங்களேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ சர்வீஸ், என்னைத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாரே என்று. வாளியோடு சுற்றிச் சுற்றி வந்ததால்தான் அங்கே நடந்ததை முழுவதும் காதில் வாங்கினேன்.

முதல் ஒன்றரை நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை. எல்லாரையும் உட்கார வைத்தார். வாய் கொப்பளித்துவிட்டு இரண்டு மடக்கு குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஒருத்தியின் முழங்காலைக் கழுவிவிட்டார். மூச்சு இரைக்கிற பிள்ளையின் காதில் எதுவும் ஏறாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஒரே ஒருத்தி மட்டும் அழுதுகொண்டிருந்தாள். இடது கார்னரில் நிற்கிற எட்டாம் வகுப்புப் பெண். எதிர் அணியில் ஒரு உயரமான பெண் பாடி வரும்போதெல்லாம் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுவாள். இவள் அந்தக் காலைப் பிடிக்கப் பாய்வாள், பிடி நழுவும், அந்தப் பெண் போனஸும் எடுத்து இவளையும் தொட்டதாக ஆகிவிடும். அப்படியே ஐந்து முறை. சாருக்குத் தெரியாதா? சட்டைப்பையில் குட்டி டைரி வைத்து ஒவ்வொரு பாயிண்டும் எப்படிப் போனது என்று குறித்துக்கொண்டேதான் இருந்தார்.

அவர் நேராக அவளிடம் போய் உட்கார்ந்தார். "பாப்பா, நீதான் அவளைப் பக்கத்துல இருந்து பார்த்தவ. எந்தக் காலைப் போடறா?"

"வலது காலு சார்."

"எப்பப் போடறா?"

அழுகை நின்றுவிட்டது. யோசித்தாள். "மொதல்ல அந்தப் பக்கக் கார்னரைப் பார்ப்பா சார். பார்த்துட்டு டக்குனு இங்க போடுவா."

"போட்டுட்டு?"

"உடனே திரும்பிடுவா. திரும்பறப்ப நம்மளைப் பார்க்க மாட்டா சார்."

"எல்லாரும் கேட்டீங்களா? இன்னொரு தடவை சொல்லுமா, சத்தமா."

அவள் சொன்னாள். ஐந்து முறை ஏமாந்தவளுக்குத்தான் அந்தப் பெண்ணின் ஆட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்கென்றால் அவளைக் கேட்கத் தோன்றியிருக்காது.

பிறகு சார் டைரியைத் திறந்தார். "பதினேழு பாயிண்டு கொடுத்திருக்கோம். அதுல அஞ்சு போனஸ். போனஸ்னா ஒரு பாயிண்டு, அவ்வளவுதான். அதுக்காக நம்ம ஆள் வெளியே போக வேண்டியதில்ல, அவங்க ஆளும் உள்ளே வர முடியாது. நாம பிடிக்கப் பாய்ஞ்சு கோட்டை விட்டாத்தான் ரெண்டாவது பாயிண்டும் போகுது, ஆளும் போகுது. அதனால போனஸை எடுத்துக்கட்டும். காலை நீட்டறப்ப யாரும் போகாதீங்க. திரும்பறப்ப போங்க. பிடிச்சுட்டா போனஸ் அவளுக்கு ஒண்ணு, பிடிச்சதுக்கு நமக்கு ஒண்ணு. ஆனா அவ வெளியே உட்காருவா, நம்ம ஆள் ஒருத்தி உள்ளே வருவா."

போனஸ் எல்லா நேரமும் கிடையாது, உள்ளே ஆறு பேராவது நின்றால்தான் உண்டு. அதையும் சொன்னார். "இப்ப நாம நாலு பேர். போனஸ் எடுக்க முடியாது, தொடத்தான் வருவா. ரெண்டு ரெண்டு பேரா கையைக் கோத்துக்கிட்டு பின்னாடியே நில்லுங்க. அவ முப்பது செகண்டு பாடிட்டு வெறுங்கையோட போகட்டும்."

கேப்டன் கேட்டாள், "எட்டுப் பாயிண்டு சார், எப்படி சார் எடுக்கறது?"

"ஒரு தடவை பாடப் போனா அதிகபட்சம் முப்பது செகண்டு. பதினஞ்சு நிமிஷத்துல நமக்குக் கொறஞ்சது பதினஞ்சு தடவை வரும். அவங்க ஏழு பேரையும் ஒரு தடவை வெளியே அனுப்பிட்டா ஏழு, லோனாவுக்கு ரெண்டு, மொத்தம் ஒம்பது."

"அவங்களும் எடுப்பாங்களே சார்?"

சார் சிரித்துவிட்டார். "எடுப்பாங்க. அதுக்குத்தான் ரெண்டு ரெண்டா கொடுக்காம ஒண்ணு ஒண்ணா கொடுங்கன்னு சொல்றேன்."

அதற்குள் விசில். இடம் மாறும்போது கடைசியாக ஒன்று சொன்னார்: "சாயங்கால வெயில் இப்ப அவங்க கண்ணுல." அவ்வளவுதான். ஜெயிக்கணும் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. கூட்டம்கூட "பிடிங்கடி" என்று கத்தியது. நான்கு பேரும் நகரவில்லை. உயரமான பெண் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினாள். எங்கள் கேப்டன் ஒன்று தொட்டு வந்தாள், ஐந்து பேரானோம். கொஞ்ச நேரத்தில் ஆறு. இப்போது போனஸ் உண்டு. அந்தப் பெண் வந்தாள், வலது காலை நீட்டினாள். இவள் உடம்பு முன்னால் போனது, ஆனால் கால் நகரவில்லை. விட்டுவிட்டாள். அடுத்த முறையும் விட்டாள். மூன்றாவது முறை, அந்தப் பெண் போனஸ் எடுத்துவிட்டு நடுக்கோட்டுப் பக்கம் திரும்பினாள் பாருங்கள், இவள் பின்னாலிருந்து கணுக்காலைப் பிடித்தாள். கவரில் நின்ற இரண்டு பேரும் கையைக் கோத்தபடியே வந்து மறித்தார்கள். மூச்சு விடும்வரை பிடி விடவில்லை. நான் வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

அவள் வெளியே உட்கார்ந்ததும் எதிர் அணியில் பாட ஆள் சரியில்லை. நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்தோம். லோனா விழுந்தபோது 22-22. மணியைப் பார்த்தேன், நான்கு நிமிடம் பாக்கி.

ஆனால் தோற்றோம். 25-26. கடைசியாக கேப்டன் பாடிப் போய் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள். வைக்கும்போது பின்கால் தரையில் பட்டிருந்தது. பின்கால் அந்தரத்தில் இருந்தால்தான் போனஸ் செல்லும். நடுவர் கொடுக்கவில்லை. நான் சண்டைக்குப் போனேன். சார் என் பக்கத்தில் வந்து, "இல்ல டீச்சர், கால் கீழதான் இருந்தது, நானும் பார்த்தேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த இடது கார்னர் பிள்ளை சாரிடம் டைரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தன் பெயரைத்தான் தேடினாள் என்று நினைக்கிறேன். நானும் எட்டிப் பார்த்தேன். யார் பெயரும் இல்லை. "வலது கால், போனஸ், சீக்கிரம் போனது" என்று அதே வரி ஐந்து முறை எழுதியிருந்தது. அவள் பக்கத்தைத் திருப்பி இரண்டாம் பாதியைப் படித்துவிட்டுத் தூங்கிப் போனாள். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் பள்ளிக்காக ஆடினாள்.

முந்தின வருஷம் நான் பெயர் சொல்லித் திட்டினேனே, அந்தப் பெண் ஆடவில்லை. குறுவட்டப் போட்டி முடிந்த திங்கட்கிழமையிலிருந்தே அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் வேலை, வயிற்று வலி என்று ஏதேதோ சொன்னாள். நானும் நம்பிவிட்டேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அன்று பஸ்ஸில் அந்த டைரியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நான்கு முறை பிடிபட்டாயே, எந்தப் பக்கம் போகும்போது பிடித்தார்கள், யார் பிடித்தார்கள் என்று அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டு, எதிர் அணிப் பெண் எந்தக் காலைப் போட்டாள் என்று கேட்டேன். பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள்.

அந்தப் பெண் முகநூலில் என் நட்பில் இருக்கிறாள். பொங்கலுக்கு வாழ்த்துப் போடுவாள், "டீச்சர்" என்று மட்டும் எழுதுவாள். பெயர் போட மாட்டேன் அம்மா, ஒரு தடவை போட்டதே போதும். அன்று தோற்றது உன்னால் இல்லை. நீ மூன்று பாயிண்டு பின்னால் விட்டுவிட்டு வந்தாய், நான் பேசிப் பதினொன்று ஆக்கினேன். படித்தால் ஒரு போன் பண்ணு. என் பழைய நம்பர்தான், மாற்றவில்லை.