31-ம் தேதி தொடங்கினால் 28-ம் தேதி பணம் போவது ஏன்?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் அந்தப் பெண்ணுக்கு மாதத்தின் கடைசி நாளில்தான் சம்பளம் வரும். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கான ஆன்லைன் டியூஷனுக்கு ஜனவரி 31-ம் தேதி பார்த்துப் பணம் கட்டினார். மாதம் 499 ரூபாய், ஆட்டோ பே. சம்பளம் வந்ததும் பணம் போய்விடும் என்பது அவர் கணக்கு.

பிப்ரவரியில் 31 ஏது? 28-ம் தேதி காலையிலேயே செயலி பணம் எடுக்க முயன்றது. சம்பளம் வந்ததோ மாலையில். பணம் இல்லாததால் வகுப்பு நின்றுபோனது. மார்ச் 3-ம் தேதி மறுபடி பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்.

மார்ச்சோடு பாடம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். 31-ம் தேதி கணக்கில் பணம் குறையவில்லை. ‘தானாகவே நின்றுவிட்டது போல’ என்று நிம்மதியாக இருந்தார். ஏப்ரல் 3-ம் தேதி 499 ரூபாய் போய்விட்டது!

நடந்தது இதுதான். சந்தா காலாவதியான பிறகு மீண்டும் சேர்ந்தால், பல செயலிகளில் அந்த நாளே புதிய தொடக்க நாளாகிவிடும். பழைய 31 மறைந்து 3 வந்துவிட்டது. ரத்து செய்தவர்கள், கட்டிய நாள்கள் தீரும் முன்பே மனம் மாறித் திரும்பினால் மட்டும் பெரும்பாலும் பழைய தேதியே தொடரும்.

மாதக் கடைசியில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. பிப்ரவரி 28-ல் பணம் எடுத்த செயலி, அடுத்து மார்ச் 31-ல் எடுத்தால் நஷ்டமில்லை. முதல் மாதம் 28 நாள், அடுத்த மாதம் 31 நாள் எனச் சரியாகிவிடும். மார்ச் 28-லேயே எடுத்தால், கடைசியாகப் பணம் எடுத்த தேதியிலிருந்து அது மாதத்தை எண்ணுகிறது என்று பொருள். இனி எல்லா மாதமும் 28-தான். எந்த வகை என்பது மார்ச்சில் தெரிந்துவிடும்.

செல்போன் ரீசார்ஜுக்கு இதில் ஒரு விதியே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும், அந்தத் தேதி இல்லாத மாதத்தில் மாதத்தின் கடைசி நாளில் புதுப்பிக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட்டது.

மற்ற சந்தாக்களுக்கு நாம்தான் கவனிக்க வேண்டும். சந்தா பக்கத்தில் Next billing date என்று இருக்கும் தேதியை, மறுபடி சேர்ந்த அன்றே பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோ பேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். திருப்பூர் பெண்ணுக்கும் ஏப்ரல் 2-ம் தேதி வந்திருந்தது, விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே. வேண்டாம் என்றால் அந்த ஒரு நாளுக்குள் ரத்து செய்துவிடலாம்.