எம்.சி.யில் இல்லாத தேதி

புழல் கேம்ப் பக்கம் எங்கள் வீடு. மாதவரத்தில் வேலை, பம்ப் நிறுவி ஓட்டிக் காட்டுவதற்காக வருடத்தில் நாலைந்து முறை சிங்கப்பூர் போவேன். ஒரு செப்டம்பரில் ஜூரோங்கில் வேலையாக இருந்தபோது டெங்கு வந்தது. அந்தப் பத்து நாளில் கற்றதைத்தான் இப்போது சைட்டுக்குப் போகும் தம்பிகளுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

16-ஆம் தேதி மாலை காய்ச்சல். 21 இரவு சென்னைக்கு டிக்கெட். 'காலையில் சரியாகிவிடும்' என்று படுத்திருந்தால் அதுதான் முதல் தவறு ஆகியிருக்கும். அங்கே மருத்துவர் பார்த்த நாளிலிருந்துதான் எம்.சி. தருவார், முந்தின தேதி போட்டுக் கேட்டால் மறுத்துவிடுவார். எங்கள் பையன் ஒருவன் இரண்டு நாள் அறையிலேயே கிடந்துவிட்டுக் கிளினிக் போனான். அந்த இரண்டு நாளுக்கும் அவனிடம் தாள் இல்லை, பேட்டாவும் போயிற்று. நான் 17 காலையே போனேன். ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. 17 முதல் 19 வரை எம்.சி. கிடைத்தது.

அந்தத் தாளைக் கவனித்துப் படிக்க வேண்டும். கிளினிக் பெயர், மருத்துவரின் பெயர், பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலைக்குத் தகுதியில்லை என்பது, எல்லாம் இருந்தது. நோயின் பெயர் மட்டும் இல்லை. நோயாளியின் அந்தரங்கம் என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆனால் இன்சூரன்ஸ்காரருக்கு நோயின் பெயர் வேண்டும். அதனால் தனியாக ஒரு மெமோ கேட்டு வாங்கினேன்.

அலுவலகத்துக்கு எழுதும் முன் வீட்டுக்குப் பேசினேன். நாம் போனை எடுக்காவிட்டால் அலுவலகம் வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடும். அம்மாவுக்குச் செய்தி அந்நியர் வாயால் போகக் கூடாது. பிறகு மேனேஜருக்கு எழுதினேன்:

"சார், நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். இன்று காலை கிளினிக்கில் டெங்கு என்று உறுதி செய்தார்கள். 19 வரை எம்.சி., இணைத்திருக்கிறேன். 20 அன்று மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். 21 பயணம் பற்றி அதன் பிறகுதான் சொல்ல முடியும். பம்ப் 1, 2 ஓட்டி முடித்தாகிவிட்டது. பம்ப் 3 அலைன்மென்ட் 0.04 மி.மீ.க்குள் இருக்கிறது, பைப் இன்னும் மாட்டவில்லை. மாட்டிய பின் மறுபடி பார்க்க வேண்டும். ஆள் அனுப்புவதா, நிறுத்தி வைப்பதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்."

இதில் நான் ரொம்ப யோசித்து எழுதியது ஒரே வரி. திரும்பும் தேதியைச் சொல்லாமல் விட்ட வரி. எம்.சி. 19-இல் முடிவதால் 21-இல் கிளம்பலாம் என்று யாருக்கும் தோன்றும். வேலைக்குத் தகுதியில்லை என்பது வேறு, விமானம் ஏறத் தகுதி உண்டா என்பது வேறு. இரண்டாவது தேதி எம்.சி.யில் இருக்காது.

20 அன்று காய்ச்சல் விட்டது. எச்.ஆர். மேடம் போன் பண்ணி, "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, நாளைக்குக் கிளம்பிடலாமே?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் பயப்பட வேண்டியவை என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அன்றைய பிளேட்லெட் 62,000. நாலு மணி நேரப் பறத்தலில் ரத்தக் கசிவு தொடங்கினால் நடு வானில் என்ன செய்வது? மருத்துவர் எம்.சி.யை 24 வரை நீட்டித்தார். பயணம் கூடாது என்று மெமோவிலும் எழுதச் சொன்னேன். அந்த மெமோவைக் காட்டித்தான் டிக்கெட்டை மாற்றினோம். தேதி தெரியாததால் முதலில் பழைய டிக்கெட்டை மட்டும் நிறுத்தி வைத்தோம். உத்தேசமாக 24 என்று போட்டிருந்தால் மாற்றுக் கட்டணம் இரண்டு முறை கட்டியிருப்போம்.

திரும்புவது தள்ளிப்போனால் இன்னும் இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும். என் விசிட் பாஸ் அக்டோபர் 1 வரை இருந்தது, அது தப்பித்தது. பாஸ் முடிகிறது என்றால் முடியும் முன்பே இணையத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயண இன்சூரன்ஸ் 21-ஆம் தேதியே முடிவதாக இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை; 20 மாலை மேடம்தான் கண்டுபிடித்து, அன்றே நீட்டிக்க எழுதினார். ஒரு நாள் தாமதித்திருந்தால் கதவு மூடியிருக்கும்.

23-இல் பிளேட்லெட் 94,000. 25-இல் 1,40,000. அன்று 'விமானப் பயணத்துக்குத் தகுதி' என்று மருத்துவர் ஒரு வரியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். 26 இரவு கிளம்பினேன்.

அதற்குள் எனக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து வந்த தம்பி என் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டே பம்ப் 3-க்குப் பைப் மாட்டியிருந்தான். பிளேஞ்ச் இழுத்து அலைன்மென்ட் 0.15-க்குப் போயிருந்தது. பைப்பைத் தளர்த்தி, சப்போர்ட்டைச் சரிசெய்து, மறுபடி 0.04-க்குக் கொண்டுவந்த பிறகே மோட்டாரை ஓட்டினான்.