தூங்கும் கணக்கும் கடைப் பெயரும்

காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டுக்கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்திக் கொடுப்பது என் தொழில். இதில் அடிக்கடி வரும் வழக்கு ஒன்று உண்டு. கடைப் பெயரிலேயே யூசர்நேம் கேட்பார்கள். அதை ஏற்கெனவே யாரோ எடுத்து வைத்திருப்பார்கள், அந்தக் கணக்கிலோ ஆள் நடமாட்டமே இருக்காது. திருப்பருத்திக்குன்றத்தில் தறி வைத்திருக்கும் ஒருவர் கேட்டதும் அதுதான்: "தம்பி, நாலு வருஷமா சும்மா கிடக்குது. கம்பெனிக்கு எழுதிப் போட்டா நமக்குக் கொடுத்துட மாட்டானா?"

கொடுக்க மாட்டார்கள். கணக்கு தூங்குகிறது என்பது மட்டும் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. புள்ளியோ அடிக்கோடோ சேர்த்து வேறு பெயர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இன்ஸ்டாகிராமின் உதவிப் பக்கம் தரும் ஆலோசனை. கேட்டுப் பார்க்க இருக்கும் ஒரே வலுவான வாசல் வணிகக்குறி மீறல் புகார். அங்கே கேள்வி வேறு. இந்தப் பெயர் சட்டப்படி உன்னுடையதா? அந்தக் கணக்கு உன் பெயரைக் காட்டி வாங்குபவரைக் குழப்புகிறதா?

அவருடைய கடைப் பெயரில் இருந்தது இரண்டே சொற்கள்: ஊர்ப் பெயரின் ஒரு வடிவம், அதன் பின்னால் 'சில்க்ஸ்'. வணிகக்குறிச் சட்டம் 1999-இன் 9-ஆம் பிரிவு, பொருளின் தன்மையையோ அது விளையும் இடத்தையோ மட்டும் சொல்லும் பெயரைப் பொதுவாகப் பதிவுசெய்ய விடாது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அது இந்த வட்டாரத்தில் விதிப்படி நெய்கிற எல்லோருக்கும் பொதுவான சொத்து, ஒரு கடையின் சொத்து ஆகாது. "எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தப் பேர்ல பில் போடறோம்" என்றார். அது வீண் பேச்சல்ல. முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரின் உரிமையை நம் சட்டம் மதிக்கிறது, பழைய பில் புத்தகங்கள் அதற்குச் சாட்சி. ஆனால் புகாரைப் படிப்பவர் நீதிமன்றம் போல விசாரணை நடத்துவதில்லை. பதிவு எண், எந்த நாடு, எந்த வகுப்பு, சான்றிதழ் யார் பெயரில் என்று பார்ப்பார். அந்த இடத்தில் எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை.

பிறகு எதிர்த்தரப்பைப் பார்த்தோம். பலர் செய்யாமல் விடும் வேலை இது. அந்தக் கணக்கின் மூன்று புள்ளிகளைத் தட்டி, 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதிக்குப் போனால், பல கணக்குகளுக்குத் தொடங்கிய மாதமும் ஆண்டும் தெரியும். இவர் பக்கம் தொடங்குவதற்கு வெகு முன்பே அது தொடங்கப்பட்டிருந்தது. இருந்த படங்கள் இரண்டு, இரண்டுமே அவர் ஊர்த் திரைலோக்கியநாதர் கோயில். புடவை இல்லை, விலை இல்லை, வாட்ஸ்அப் எண் இல்லை. ஊரை நேசிக்கிற யாரோ வைத்த பெயர் என்றுதான் நடுநிலையான ஆள் சொல்வார். வணிகத்தோடு தொடர்பே இல்லாமல் ஒரு சொல்லைப் பயன்படுத்துவது மீறல் ஆகாது. அதே கணக்கில் இவருடைய லேபிளோ புடவைப் படமோ இருந்து, ஆர்டருக்கு ஒரு எண்ணும் இருந்திருந்தால், கதையே வேறு. அப்போதும் கணக்கை முடக்குவார்களே தவிர, பெயரை நம் கையில் தருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இணைய முகவரிகளில் நிலைமை சற்று மாறுபடும். .in முகவரிகளுக்கு நடுவர் முறை இருக்கிறது. உலக அளவிலும், 2000-இல் டெல்ஸ்ட்ரா வழக்கில், பயன்படுத்தாமல் சும்மா வைத்திருப்பதும் சூழ்நிலையைப் பொறுத்துத் தீய நோக்கமாகலாம் என்று முடிவானது. ஆனால் அங்கேயும் அந்தக் குறி பெரிய புகழ் உடையது. வைத்திருந்தவரோ தன் அடையாளத்தை மறைத்தவர். தூக்கம் மட்டும் அங்கேயும் போதவில்லை.

"ஒரு பத்தாயிரம் கொடுத்து வாங்கிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா என்றேன். கணக்கை விற்பதும் வாங்குவதும் விதிமீறல். பணம் போன பிறகு பெயரும் பறிபோனால் யாரிடமும் முறையிட முடியாது. கடைக் கணக்கிலிருந்தே மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினோம், பதில் வரவில்லை.

கடைசியில் பெயருக்கு முன்னால் அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்தோம். ஊரும் பட்டும் எல்லோருக்கும் பொது, குடும்பப் பெயர்தான் அவரைத் தனித்துக் காட்டும். வணிகக்குறி விண்ணப்பமும் அந்த முழுப் பெயரிலேயே, துணிக்கான 24, ஆடைக்கான 25 ஆகிய வகுப்புகளில் போட்டோம். புடவைப் பெட்டியும் பில் புத்தகமும் அச்சுக்குப் போகும் முன் இதை முடித்ததுதான் எனக்கு நிம்மதி. அச்சடித்த பெட்டி அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரரிடம் பெயரை மாற்றச் சொல்வது கொடுமை. பழைய கணக்கின் படங்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம். நாளை அங்கே யாராவது இவர் பெயரைச் சொல்லிப் புடவை விற்க ஆரம்பித்தால், எப்போது மாறினார்கள் என்று காட்ட அது உதவும்.