அடிவயிறு என்று எழுதினேன்

அந்த மின்னஞ்சலை நான்கு முறை அழித்து எழுதினேன். ‘பெண் மருத்துவரிடம் நேரம் வேண்டும்’ என்ற முதல் வரி சுலபமாக வந்தது. அடுத்து ‘வயிற்று வலி’ என்று எழுதிவிட்டு நின்றேன். அப்படிச் சொல்லித்தான் போன முறை கேஸ் மாத்திரையோடு திரும்பினேன். அம்மாவோ, “எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதானடி” என்றாள்.

காலண்டரைப் பார்த்து மறுபடி எழுதினேன். ஏழு மாதமாக அடிவயிற்றில், இடப்பக்கம் வலி. பீரியட்ஸுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி மூன்றாம் நாள்வரை விடாது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் குத்தும். வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் பயங்களையும் சேர்த்தேன்: நாளைக்குக் குழந்தை பிறக்குமா? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, உள்பரிசோதனை செய்வதென்றால் முதலில் என்னைக் கேட்பீர்களா?

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

டாக்டர் அதை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். நான் வெட்கப்பட்டு அழிக்கப் பார்த்த மலம் பற்றிய வரியின் கீழே பேனாவால் கோடு. “இதுதாம்மா எனக்கு முக்கியம்” என்றார். கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே, குடல் பக்கத்தில் வளர்ந்தால் இப்படி மாதக் கணக்கோடு வலிக்கலாம். அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம் என்றார். இருப்பவர்களிலும் பலருக்குக் குழந்தை பிறக்கிறது என்றும் சொன்னார்.

பிறகு கையுறையை எடுக்காமலே கேட்டார்: “இன்னைக்கு வயித்தை மட்டும் வெளியிலேர்ந்து பார்க்கட்டுமா?”